முதல் 90 நாளில் மேனேஜர் கேட்க வேண்டியவை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் புதிதாக வரும் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் முதல் நாளே மூன்று பேர் மூன்று காரணம் சொல்வார்கள். "லைனுக்கு ஒரு நாளைக்கு 800 பீஸ் வரணும், 560தான் வருது. டெய்லருங்க மெத்தனம்" என்பார் முதலாளி. "ஒவ்வொரு ஷிப்மென்ட்டும் கடைசி நாள்லதான் கிளம்புது, சூப்பர்வைசருக்குப் பிளானிங்கே தெரியல" என்பார் மெர்ச்சண்டைசர். "ஆளே வர்றதில்லீங்க சார், நாங்க என்னங்க பண்றது" என்பார் சூப்பர்வைசர். மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து எது தெரிகிறதோ அதைச் சொல்கிறார்கள். இந்த மூன்றில் எதை நம்புவது என்று முதல் வாரத்திலேயே முடிவெடுத்துவிடும் மேனேஜர்தான் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வேறு வேலை தேடுகிறார்.

புதிதாக வந்தவருக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற அவசரம் இருக்கும். பழைய கம்பெனியில் எப்படி மெஷின் போட்டிருந்தார்களோ அப்படியே இங்கேயும் லைனை மாற்றுவார். ஓவர்லாக் இருந்த இடத்தில் பிளாட்லாக் வரும், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் வேலையை ஒருவர் அறிந்து தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பிரிவார்கள், உற்பத்தி இன்னும் இறங்கும். சூப்பர்வைசர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களைக் கேட்டா மாற்றினார்?

இதைத் தவிர்க்க முதல் மூன்று மாதத்துக்கு ஒரு திட்டம் வேண்டும். அதில் முதல் மாதம் முழுக்கக் கேட்பதற்கு. கேட்பது என்றால் எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். தையலுக்கு டார்கெட் இருப்பதுபோல் கேட்பதற்கும் டார்கெட் இருக்க வேண்டும்: யாரிடம், எத்தனை பேரிடம், எந்தக் கேள்வி, முப்பதாம் நாளில் என்ன தெரிந்திருக்க வேண்டும். நான்கு தையல் லைன், கட்டிங், செக்கிங், அயனிங், பேக்கிங் எல்லாம் சேர்த்துச் சுமார் 120 பேர் உள்ள ஒரு டீ-சர்ட் யூனிட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. நடப்பவை எல்லாம் இந்தத் தொழிலில் அன்றாடம் காண்பவை.

முதல் வாரத்தில் முதலில் உட்கார வேண்டியது முதலாளியோடு. மைக்கேல் வாட்கின்ஸ் என்ற பேராசிரியர் 2003இல் வெளியிட்ட முதல் 90 நாட்களைப் பற்றிய புத்தகம் நிர்வாகப் படிப்பில் பரவலாகப் பேசப்படுவது. புதிய மேலதிகாரியோடு என்னென்ன பேச வேண்டும் என்று அதில் அவர் பிரித்துச் சொல்கிறார்: நிலைமை என்ன, எதை எதிர்பார்க்கிறார், என்ன வசதி தருவார், எப்படிப் பேசிக்கொள்வது, நம் சொந்த வளர்ச்சிக்கு என்ன வழி. நம் ஊர் கம்பெனிகளில் இவற்றில் மூன்றாவதுதான் பேசப்படாமலே போகிறது. ஓவர்டைம் போடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? அரை நாள் லைனை நிறுத்தலாமா? ஒரு மெக்கானிக்கைக் கூடுதலாக எடுக்கலாமா? ஐந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு சாமான் வாங்க யார் கையெழுத்து? இவை தெரியாமல் ஒரு டெய்லரிடம் "செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டால், முதலாளி மறுக்கும் அன்று மேனேஜர் பேச்சுக்கு மதிப்பு போய்விடும்.

முதலாளியிடம் இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டும். முதல் 30 நாள் உற்பத்தி எண்ணை வைத்துத் தம்மை எடை போடக் கூடாது. பதிலுக்கு முப்பதாம் நாள் எழுத்தில் ஓர் அறிக்கை வரும். பல முதலாளிகள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

பிறகு கேட்கும் பட்டியல். 120 பேரிடமும் தனித்தனியாகப் பேச ஒரு மாதம் போதாது, தேவையும் இல்லை. நான்கு சூப்பர்வைசர்களிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம். ஒவ்வொரு லைனிலும் மூன்று டெய்லர், ஒரு செக்கர், ஒரு ஹெல்பர் என்று இருபது பேரிடம் தலா இருபது நிமிடம். கட்டிங் மாஸ்டர், ஸ்டோர்காரர், மெக்கானிக், அயனிங்கிலும் பேக்கிங்கிலும் மூத்தவர்கள், மெர்ச்சண்டைசர், சம்பளக் கணக்கு எழுதுபவர். இத்தோடு ஆட்களை ஏற்றி வரும் வேன் டிரைவரையும் சேர்க்கச் சொல்வேன். இன்று யார் ஏன் வரவில்லை என்பது ஆபீஸ் ரிஜிஸ்டரைவிட அவருக்குத்தான் சரியாகத் தெரியும். மொத்தம் 32 பேர் வரும். ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும்.

எல்லோரிடமும் ஒரே நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். வேலை எங்கே நிற்கிறது? நின்றால் யாரிடம் போய்ச் சொல்கிறீர்கள்? போன மேனேஜர் சொல்லிவிட்டுச் செய்யாமல் போனது என்ன? எதை மாற்றவே கூடாது? ஆளுக்கு ஒரு கேள்வி என்று கேட்டால் பதில்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஒரே கேள்வியைக் கேட்டால்தான், "ஊசி உடைஞ்சா மெக்கானிக் வர அரை மணி ஆகுதுங்க" என்று பதினோரு பேர் சொல்லியிருக்கிறார்கள், சூப்பர்வைசர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது நோட்டில் துலங்கும். நான்காவது கேள்வியைச் சிலர் விட்டுவிடுவார்கள். அதை விடக் கூடாது. "டீ டைம்ல பாட்டு போடறத மட்டும் நிறுத்திடாதீங்க சார்" என்று ஒருவர் சொன்னால் அது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் புதிதாக வருபவர் தெரியாமல் கைவைத்து மொத்த லைனின் மனக்கசப்பையும் சம்பாதிப்பது இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான்.

எங்கே வைத்துக் கேட்பது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். கேபினுக்குக் கூப்பிட்டால் டெய்லர் பயந்துதான் வருவார், திட்டுவதற்குத்தான் வழக்கமாகக் கூப்பிடுவார்கள். டீ நேரத்தில் கேட்டால் அவருடைய பத்து நிமிட ஓய்வு போகிறது. தைக்கும்போது கேட்டால், பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அந்த இருபது நிமிடமும் கூலி நஷ்டம். தம் கூலியைக் கொடுத்து மேனேஜருக்குத் தகவல் சொல்ல எவரும் விரும்ப மாட்டார். எனவே பேசும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எழுதும்படி சம்பளக் கணக்கரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, அதை அந்த டெய்லர் காதிலும் போட்டுவிட்டுப் பேச ஆரம்பிக்க வேண்டும். பெண் தொழிலாளர்களிடம் எல்லோர் கண்ணுக்கும் படும் இடத்தில், பேச்சு மட்டும் மற்றவர் காதில் விழாத தூரத்தில் நின்று பேசலாம். பேக்கிங் டேபிளின் ஓரம் இதற்கு ஏற்றது.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இன்று பல யூனிட்டுகளில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களிடம் பேசும்போது மொழிபெயர்க்கக் கான்ட்ராக்டரையே கூட்டிப் போவது வழக்கம். அது வீண் வேலை. கான்ட்ராக்டர்தான் அவர்களுக்குத் தங்க இடம் தருகிறார், அட்வான்ஸ் தருகிறார், கமிஷனும் எடுக்கிறார். அவர் எதிரில் அவர்கள் சொல்லும் ஒரே பதில், "சப் டீக் ஹை." அதே ஊரிலிருந்து வந்து, இங்கே நாலைந்து வருடம் இருந்து தமிழ் கற்றுக்கொண்ட ஒரு டெய்லர் எல்லா யூனிட்டிலும் இருப்பார். அவரை வைத்துப் பேசலாம்.

கேட்பது சரியாக நடக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஐந்தாறு பேர் ஒரே வார்த்தைகளில் ஒரே பதிலைச் சொன்னால், யாரோ முன்னால் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முதல் வாரம் முடிந்தும் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்றால் அவர்கள் இன்னும் உங்களை ஆழம் பார்க்கிறார்கள். பேசி முடித்த பிறகு நோட்டில் எழுத ஒன்றும் இல்லை என்றால், பேசியது நீங்கள்தான்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் சொன்னது, எதிர்ப் பக்கம் கண்டது என்று பிரித்து எழுதுவது நல்லது. காண்பதற்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான தாய்ச்சி ஓனோ, தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பொறியாளரை அதற்குள் மணிக்கணக்கில் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்வார் என்பது அந்தத் துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. மணிக்கணக்கில் வேண்டாம், ஒரு லைனின் நடுவில் நாளுக்கு ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் போதும். எப்போதும் நடந்துகொண்டே பார்க்கும் மேனேஜருக்கு எல்லோரும் வேலை செய்வதுதான் தெரியும், அவர் வருவதைப் பார்த்ததும் எல்லோரும் குனிந்துகொள்வார்கள். நிற்பவருக்கு முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் உண்மையான லைன் தெரியும்: நூலுக்காக எழுந்து போகும் டெய்லர், பண்டில் வராமல் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் ஹெல்பர், திரும்பி வந்த ஆல்ட்ரேஷன் பீஸ்களை மேஜைக்கு அடியில் தள்ளி வைக்கும் சூப்பர்வைசர்.

இப்போது முதலாளி சொன்ன 560க்கு வருவோம். இரண்டாம் லைனில் எட்டு மணி நேர ஷிப்ட், மணிக்கு 100 பீஸ் என்று 800 டார்கெட். வருவது 560. குறைவது 240. மணிக்கு 100 என்ற வேகத்தில் 240 பீஸ் தைக்க 144 நிமிடம் ஆகும். டெய்லர்கள் மெதுவாகத் தைப்பதால்தான் இந்த 144 நிமிடமும் போகிறது என்பது முதலாளியின் நம்பிக்கை. மேனேஜர் அந்த லைன் செக்கரிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, லைன் நிற்கும்போதெல்லாம் நேரத்தையும் காரணத்தையும் மட்டும் ஒரு வாரம் எழுதச் சொல்கிறார். யார் தவறு என்று எழுதக் கூடாது. சராசரி எடுத்தால் ஒரு நாளில் 65 நிமிடம் கழுத்து ரிப் வராமல் நின்றிருக்கிறது. 40 நிமிடம் ஆல்ட்ரேஷன் பீஸைப் பிரித்துத் திரும்பத் தைப்பதில் போயிருக்கிறது. மெஷின் பழுதில் 22. ஆள் குறைவு உள்பட மற்றவை எல்லாம் சேர்த்து 17.

"காலைல நல்லாத்தான் ஓடுதுங்க சார், மத்தியானத்துக்கு மேல ரிப் வர்றதில்லீங்க" என்று டெய்லர்கள் சொன்னது நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது அதற்கு அளவும் கிடைத்துவிட்டது. ரிப் ஏன் வரவில்லை? அது உடல் துணியிலிருந்து தனியாகச் சாயம் போட்டு வருகிறது. இரண்டின் நிறமும் ஒத்துப்போகிறதா என்று ஷேடு பார்த்த பிறகுதான் வெட்ட முடியும். கட்டிங் மாஸ்டருக்கு நாள் முடிவில் எத்தனை பீஸ் வெட்டினார் என்பதுதான் கணக்கு, எனவே கையில் இருக்கும் உடலையும் கையையும் முதலில் வெட்டி லைனுக்கு அனுப்பிவிடுகிறார். அவர் கணக்கு சரியாக இருக்கிறது. லைன் பாதித் துணியோடு நிற்கிறது. இங்கே எவரும் மெத்தனமாக இல்லை, இரண்டு பகுதிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்குப் பொறுப்பாளி இல்லை.

இது முப்பதாம் நாளுக்குள் தெரிந்துவிட்டால் கேட்டது பலித்தது என்று பொருள்.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், கேட்காமல் இருந்ததைவிட மோசம். முப்பதாம் நாள் அல்லது அதை ஒட்டி, லைன்வாரியாகப் பத்து நிமிடம் எல்லோரையும் நிறுத்தி மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். நான் கேட்டது இது. இதில் நான் செய்யப்போவது இது. இதை என்னால் செய்ய முடியாது, காரணம் இது. மூன்றாவதைச் சொல்லத்தான் மனம் வராது. "கேன்டீன் கட்டித் தரச் சொன்னீங்க. இந்த வருஷம் கட்ட முடியாதுன்னு முதலாளி சொல்லிட்டார். நானும் மறுபடி கேக்கறேன்னு சொல்லி உங்கள இழுத்தடிக்க மாட்டேன்" என்று நேராகச் சொல்லிவிட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனால் அடுத்த முறை செய்கிறேன் என்று அவர் சொன்னால் நம்புவார்கள்.

பெரிய நிறுவனத்திலும் இதே வரிசைதான் பலித்திருக்கிறது. லூயி கெர்ஸ்ட்னர் 1993 ஏப்ரல் 1 அன்று ஐபிஎம் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். முந்தைய ஆண்டு அந்த நிறுவனம் ஏறத்தாழ 500 கோடி டாலர் நஷ்டம் அடைந்திருந்தது. அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் ஏற்பாடு அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அவர் வெளியிலிருந்து வந்தவர், கம்ப்யூட்டர் தொழிலில் வளர்ந்தவரும் கிடையாது. மூத்த அதிகாரிகள் ஐம்பது பேரும் மூன்று மாதத்துக்குள் பெரிய வாடிக்கையாளர்களில் குறைந்தது ஐந்து பேரையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒன்றிரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதித் தமக்கும், அந்தக் குறையைத் தீர்க்கக்கூடியவருக்கும் அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். கேட்பதற்கு எண் இருந்தது, கெடு இருந்தது, கேட்டது போய்ச் சேர வேண்டிய ஆளும் இருந்தார்.

பெரிய கம்ப்யூட்டர்களின் விலை அதிகம் என்று வாடிக்கையாளர்கள் சொன்னதால் விலையைக் குறைத்தார். எல்லாவற்றையும் ஒருங்கிணைத்துத் தரும் ஒரு நிறுவனம்தான் தங்களுக்கு வேண்டும் என்று அவர்கள் சொன்னது, நிறுவனத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் முடிவுக்குத் துணை நின்றது. அதே ஜூலையில் 35,000 வேலைகளைக் குறைக்கும் அறிவிப்பும் வந்தது. கேட்பவர் எல்லோருக்கும் பிடித்ததையே செய்வார் என்று எவரும் எண்ண வேண்டாம்.

மறுபடி நம் யூனிட்டுக்கு வருவோம். இரண்டாவது மாதத்துக்கு இரண்டே வேலை போதும். ஒன்று உற்பத்தியைப் பற்றியது, மற்றது ஆட்களைப் பற்றியது. நோட்டில் இருபது குறைகள் இருக்கும்போது இரண்டை எப்படிப் பொறுக்குவது? வெவ்வேறு பகுதியினர் தனித்தனியாகச் சொன்னதா, எவரையும் கேட்காமல் மேனேஜர் கையெழுத்திலேயே முடியுமா, நாலு வாரத்துக்குள் லைனில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஆம் என்றால் எடுக்கலாம். புதிய மெஷின் வாங்குவது மூன்றாவதில் தேறும், இரண்டாவதில் தேறாது. ஆல்ட்ரேஷனைக் குறைப்பது மிக அவசியம்தான், ஆனால் நாலு வாரத்தில் முடியாது.

ரிப் விஷயம் மூன்றிலும் தேறும். செய்ய வேண்டியது இதுதான்: உடல், கை, ரிப் மூன்றும் சேர்ந்த முழு செட்டாக இல்லாத பண்டில் கட்டிங்கை விட்டு வெளியே வரக் கூடாது. தினம் மாலை ஐந்து மணிக்குக் கட்டிங் மாஸ்டரும் ஸ்டோர்காரரும் லைன் சூப்பர்வைசரும் பத்து நிமிடம் நின்றபடியே பேசி, நாளைக்கு ஓட வேண்டிய ஸ்டைலுக்கு எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டிங் மாஸ்டரின் கணக்கும் வெட்டிய பீஸிலிருந்து முழு செட்டாக மாற வேண்டும். அவரைத் தனியே உட்கார வைத்து விளக்காமல் இதை மாற்றினால், அவர் நாளைக்கே உற்பத்தி குறைந்ததாக முதலாளியிடம் போய் நிற்பார், அவர் நோக்கில் அது நியாயமும்கூட. காத்திருக்கும் 65 நிமிடத்தில் 35 நிமிடம் மிச்சமானாலே 58 பீஸ் கூடும். 560 என்பது 618 ஆகும். முதலாளி கேட்ட 800க்கு இது இன்னும் தூரம்தான். ஆனால் ஒருவரையும் விரட்டாமல், ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்தது.

இதை முதலில் ஒரே லைனில்தான் செய்ய வேண்டும். தையல் வேகமானால் நெரிசல் அடுத்த இடத்துக்கு நகரும். செக்கிங் டேபிளில் பீஸ் குவிந்துகிடந்தால், லைனில் கூடியது பேக்கிங்குக்குப் போகவில்லை என்று அர்த்தம். பெட்டியில் ஏறிய பீஸை எண்ண வேண்டும், தைத்து முடித்த பீஸை எண்ணி மகிழக் கூடாது. அதோடு, புது ஸ்டைல் ஏறிய முதல் சில நாட்கள் எந்த லைனிலும் உற்பத்தி குறைவாகத்தான் இருக்கும், கை பழக வேண்டும். அந்த நாட்களின் எண்ணை வைத்து மாற்றம் தோற்றது என்று முடிவு கட்டுவது பிழை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் அப்படித்தான். போனஸ் வாங்கியதும் ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் திரும்பி வருவதில்லை.

ஆட்களைப் பற்றிய வேலைக்கு இந்த யூனிட்டில் சனிக்கிழமைச் சம்பளத்தை எடுக்கலாம். வாரச் சம்பளம் கைக்கு வரும்போது, தாம் செய்த ஓவர்டைமும் கணக்கில் உள்ள ஓவர்டைமும் ஒத்துவரவில்லை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். வாதாடிவிட்டுப் போக நேரமாகிவிடுகிறது, வேன் போய்விடுகிறது, பாதிப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலையே அந்த வார ஓவர்டைம் மணிக் கணக்கை லைன்வாரியாகச் சுவரில் ஒட்டிவிட்டால், தவறு இருந்தால் சனிக்கிழமை மதியத்துக்குள் திருத்திக்கொள்ளலாம். உழைத்த கூலி விட்டுப்போகாமல் கிடைக்கும் இடத்துக்குத் திங்கட்கிழமை ஆள் வருவார். ஆள் வர்றதில்லீங்க என்று சூப்பர்வைசர் சொன்னதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கக்கூடும்.

முப்பது நாள் காத்திருக்கக் கூடாதவையும் சில உண்டு. தீ விபத்தில் வெளியேறும் வழியில் அட்டைப் பெட்டி அடுக்கியிருந்தால், ஓவர்லாக் மெஷினில் கண்ணுக்கு முன் இருக்க வேண்டிய தடுப்பைக் கழற்றி வைத்திருந்தால், முதல் நாளே, முதல் மணி நேரத்திலேயே சரிசெய்ய வேண்டும். ஒரு பெண் பேசும்போது பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால், "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. அவ்வளவு எளிதில் வெளியே சொல்லிவிடும் விஷயம் இல்லை அது, நம்பித்தான் சொல்கிறார். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென ஒரு உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு அந்தக் கெடுவை நீட்டிக்கலாம். அந்தப் பெண்ணுக்கு இதைத் தெளிவாகச் சொல்லி, அவர் விரும்பினால் குழுவிடம் கொண்டு சேர்ப்பதே மேனேஜர் செய்ய வேண்டியது. தாமே அந்த ஆளைக் கூப்பிட்டு மிரட்டி அனுப்புவது பாதுகாப்புப் போலத் தோன்றும். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குத்தான் கஷ்டம் கூடும்.

மூன்றாவது மாதத்துக்கு வரும்போது மனிதர்கள் பற்றிய முடிவுகள் காத்திருக்கும். இவற்றில் கடினமானது, இந்த நாற்காலியை எதிர்பார்த்திருந்த மூத்த சூப்பர்வைசர். ஏறக்குறைய எல்லாக் கம்பெனியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். ஹெல்பராக வந்து, டெய்லராகி, சூப்பர்வைசராகி, பதினைந்து வருடமாக அங்கேயே இருப்பவர். மேனேஜர் வேலை காலியானபோது தமக்குத்தான் என்று வீட்டிலும் சொல்லியிருப்பார். வெளியிலிருந்து ஆள் எடுத்துவிட்டார்கள். அவர் எதிர்த்துப் பேச மாட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்ல மாட்டார். எந்த டெய்லர் எந்த வேலைக்குச் சரி, எந்தச் சாயப்பட்டறை தேதி தவறும், எந்த பையரின் செக்கர் எதைத் திருப்பி அனுப்புவார் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கும்.

அவரிடம் முதல் வாரத்திலேயே தனியாகப் பேசியிருக்க வேண்டும், மூன்றாம் மாதம் வரை தள்ளக் கூடாது. "அண்ணா, இந்த இடத்த நீங்க எதிர்பார்த்தீங்கன்னு கேள்விப்பட்டேன். அத நான் மாத்த முடியாது. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்." இவ்வளவு போதும். சமாதானத்துக்காக அடுத்த மேனேஜர் நீங்கள்தான் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, அது இவர் கையில் இல்லை. வார்த்தையைவிட, ஒரு வேலையை முழுதாக அவர் முடிவில் விடுவதுதான் அவர் மனதைத் திருப்பும். எந்த டெய்லர் எந்த மெஷினில் உட்கார்வது என்பதை நான்கு லைனுக்கும் அவரே தீர்மானிக்கட்டும். அதில் மேனேஜர் தலையிடக் கூடாது, முதலாளி கேட்டாலும் "அத அவர்தான் சார் பாக்கறார்" என்றே சொல்ல வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் மூன்றாம் மாதத்தில் அவர் ஆட்களைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தால், நோட்டில் உள்ள தேதிகளை வைத்து முதலாளி முன்னிலையில் பேச வேண்டியதுதான். அதற்கு முன்பே முறையிடப் போனால், பதினைந்து வருட ஆளை நேற்று வந்தவர் குறை சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும்.

உள்ளிருந்தே மேனேஜராக உயர்த்தப்பட்டவருக்கு வேறு சிக்கல். அவருக்குத் தையல் லைன் அத்துப்படி, ஆகவே கேட்கத் தேவையில்லை என்று தோன்றும். அவருக்குத் தெரிந்தது ஒரு லைன். கட்டிங்கிலிருந்து பார்த்தால் அந்த லைன் எப்படித் தெரிகிறது என்பது அவருக்கும் தெரியாது. அதே 32 பேர் பட்டியலை அவரும் முடிக்க வேண்டும், நண்பர்களைக் கடைசியில் வைத்துக்கொண்டு.

தொண்ணூறாம் நாள் முதலாளியிடம் கொடுக்கும் தாள் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். லைன் நின்ற நிமிடங்கள் அன்று எத்தனை, இன்று எத்தனை. பெட்டியில் ஏறிய பீஸ் எத்தனை. சனிக்கிழமை சம்பளத் தகராறு எத்தனை பேருக்கு வந்தது. எது நடக்கவில்லை. அடுத்து ஆல்ட்ரேஷனில் போகும் 40 நிமிடத்தைக் குறைக்க என்ன வேண்டும், அதற்கு யாருடைய கையெழுத்து வேண்டும். முதல் நாளில் மூன்று பேர் சொன்ன மூன்று காரணங்களுக்குப் பதிலாக அளந்து பார்த்த ஒரு காரணம் அந்தத் தாளில் இருக்கும்.

புதிய மேனேஜரை எடுக்கும் முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். வேலைக்கு எடுக்கும் கடிதத்தோடு இன்னொரு தாளும் கொடுங்கள். எதெதற்கு அவரே கையெழுத்துப் போடலாம், முதல் 30 நாள் உற்பத்தி எண்ணைக் கேட்க மாட்டீர்கள், முந்தைய மேனேஜர் ஆட்களிடம் சொல்லிவிட்டு நிறைவேற்றாமல் போனது என்னென்ன என்ற மூன்றையும் அதில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். புதிய மேனேஜராகப் போகிறவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் வேலையில் சேராதீர்கள்.